ஒரு ரூபாய் வட்டியும் ஓராண்டுக் காத்திருப்பும்: நகைக்கடனில் ஒரு கணக்கு

தமிழில் வட்டியைச் சதவீதத்தில் சொல்லும் பழக்கம் பிந்தி வந்தது. இன்றும் வீடுகளில் 'ஒரு வட்டி', 'ஒன்றரை வட்டி', 'இரண்டு வட்டி' என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி; அதுவே ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டு வட்டி என்றால் 24 சதவீதம். இந்த வழக்கில் ஒரு நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருக்கிறது. வட்டி மாதாமாதம் கட்டப்படும். அசல் அப்படியே நிற்கும். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் உண்மையாக இருப்பது அந்த நிபந்தனை நிறைவேறும்வரைதான்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'புல்லட்' என்ற பெயரில் தரும் நகைக்கடனில் அந்த நிபந்தனை இல்லை. கடன் காலம் முழுவதும் கடன் பெற்றவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. காலம் முடியும் நாளில் அசலையும் திரண்ட வட்டியையும் ஒரே தொகையாகக் கட்டி நகையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மாத வருமானம் உறுதியில்லாதவர்களுக்கு இதைப்போல் வசதியான கடன் வேறில்லை. ஆனால் மாதாமாதம் கட்டுபவருக்கென்று உருவான 'ஒரு வட்டி' என்ற சொல்லை, ஆண்டு முழுவதும் கட்டாமலிருப்பவர் தம் கணக்குக்கு அளவுகோலாக்கிக்கொள்ளும்போது கணக்கு பிசகிவிடுகிறது.

ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தமிழ் மாணவி ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய உதவித்தொகை பல மாதங்களாக வரவில்லை. வந்தால் நிலுவை முழுவதும் ஒரே தவணையில் வரும் என்பது மூத்த மாணவர்களின் அனுபவம். அதுவரை விடுதிக் கட்டணம், களப்பணிச் செலவு, ஊரில் தம்பியின் கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 2 லட்சம் ரூபாய் தேவை. தாயார் தம் நான்கு பவுன் சங்கிலியைத் தருகிறார். 32 கிராம், 22 காரட், கல் பதிக்காதது. வருமானம் எப்போது வரும் என்று தெரியாதவருக்கும், வரும்போது மொத்தமாக வரும் என்று தெரிந்தவருக்கும் புல்லட் முறை பொருத்தமாகவே தோன்றும். தங்கத்தின் விலை நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே கணக்கு எளிதாக இருக்க, கிராமுக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சங்கிலியின் மதிப்பு 2,88,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், காலம் 12 மாதம்.

மாணவியின் முதல் மனக்கணக்கு நேரானது. இரண்டு லட்சத்துக்கு ஒரு வட்டி என்றால் மாதம் 2,000. பன்னிரண்டு மாதத்துக்கு 24,000. ஆக முடிவில் கட்ட வேண்டியது 2,24,000. நிறுவனம் தனிவட்டி கணக்கிட்டால் இந்த விடை சரி. ஆனால் வங்கி புல்லட் கடன்களில் நெடுங்காலமாக நிலவும் முறை வேறு. வேளாண்மை அல்லாத தேவைகளுக்கான இத்தகைய கடன்களுக்கு 2014-இல் ரிசர்வ் வங்கி வகுத்த வழிமுறையிலேயே, வட்டி மாதந்தோறும் கணக்கில் ஏற்றப்படும், ஆனால் அது அசலோடு சேர்ந்து கடன் காலத்தின் முடிவில்தான் செலுத்தத்தக்கதாகும் என்று இருந்தது. கட்டுவது ஆண்டு முடிவில், ஏறுவதோ மாதந்தோறும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பன்னிரண்டு மாத இடைவெளிதான் தனிவட்டியைக் கூட்டுவட்டியாக மாற்றுகிறது.

நடப்பது இதுதான். முதல் மாத முடிவில் 2,000 ரூபாய் வட்டி ஏறுகிறது. கடன் 2,02,000 ஆகிறது. இரண்டாம் மாத வட்டி 2,00,000-க்கு அன்று, 2,02,000-க்குக் கணக்கிடப்படுகிறது, அது 2,020. மூன்றாம் மாதம் 2,040. இப்படியே வளர்ந்து பன்னிரண்டாம் மாதத்தின் வட்டி மட்டும் 2,231 ரூபாயாகிறது. முடிவுத் தொகைக்கான சூத்திரம் பள்ளியில் படித்த அதே கூட்டுவட்டிச் சூத்திரம்:

```
A = P × (1 + r/12)^n
A = 2,00,000 × (1.01)^12 = 2,25,365
```

இங்கு P கடன் தொகை, r ஆண்டு வட்டி விகிதம், n மாதங்களின் எண்ணிக்கை. கைப்பேசியிலுள்ள கணிப்பானே போதும், 2,00,000-ஐ 1.01-ஆல் பன்னிரண்டு முறை பெருக்கினால் இதே விடை வரும். முடிவில் வட்டி 24,000 அன்று, 25,365. பன்னிரண்டு சதவீதம் என்று சொல்லப்பட்டது ஆண்டு முழுமைக்கும் 12.68 சதவீதமாக நிற்கிறது.

வித்தியாசம் 1,365 ரூபாய். மாதந்தோறும் கட்டாமலிருக்கும் வசதிக்கு இது விலை என்று கொண்டால், வருமானமற்ற ஓர் ஆண்டுக்கு இது பெரிய தொகையன்று. இங்கு ஏமாற்றும் எதுவுமில்லை. கட்டாத வட்டியும் கடன்தான், அதற்கும் வட்டி உண்டு என்ற தர்க்கம் நேர்மையானதே. ஆயினும் தாம் கையெழுத்திடுவது எந்த முறைக்கு என்பதைக் கடன் பெறுபவர் அறிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் பெறுபவரிடம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். 'எத்தனை வட்டி?' என்று கேட்பதைவிட, 'முடிவு நாளில் நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு?' என்று கேட்பது மேல். முதல் கேள்விக்கு வரும் விடைக்குப் பல பொருள் உண்டு. இரண்டாவதற்கு வருவது ஒரே எண்.

கட்டணங்களும் இந்தக் கேள்வியில் அடங்கிவிடுகின்றன. நகை மதிப்பீட்டாளர் கட்டணம், செயலாக்கக் கட்டணம் என்று ஆயிரம் ரூபாய் முதலிலேயே கழிக்கப்பட்டால், மாணவியின் கைக்கு வருவது 1,99,000. முடிவில் கட்டுவது 2,25,365. அவர் கையாண்ட பணத்துக்கு ஆண்டுச் செலவு 13.25 சதவீதம். வட்டி விகிதத்தில் ஒரு புள்ளியும் மாறாமலே கடன் அரை சதவீதத்துக்கு மேல் விலையேறியிருக்கிறது.

கடன் தொடங்கிய பிறகும் இந்த முறையைக் கண்டறிய வழியுண்டு. நிறுவனங்கள் மாதக் கணக்கில் அன்றி நாள் கணக்கில் வட்டியைக் கணிப்பதால், கணக்கு அறிக்கையில் சரியாக 2,000, 2,020 என்று எண்கள் இரா. முப்பத்தோரு நாள் கொண்ட மாதத்தில் வட்டி கூடும், பிப்ரவரியில் குறையும். ஆகவே மாத வட்டிகளை அப்படியே ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு மாத வட்டியையும் அந்த மாதத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். முதல் மாதத்தில் நாளொன்றுக்கு வட்டி 65 ரூபாய் 75 காசு. ஆண்டு முழுவதும் அது அசையாமல் நின்றால் தனிவட்டி. மூன்றாம் மாதத்தில் 67 ரூபாயைத் தாண்டி, பன்னிரண்டாம் மாதத்தில் 73 ரூபாயைத் தாண்டினால் மாதந்தோறும் ஏறும் கூட்டுவட்டி. இரண்டுக்கும் பொருந்தாமல் திடீரென்று ஒரு மாதத்தில் 80-க்கும் 100-க்கும் தாவினால், வட்டி விகிதமே மாறியிருக்கிறது என்று பொருள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வட்டி விகிதம் மாறுவது எப்படி? சில நகைக்கடன் திட்டங்களில் விளம்பரப் பலகையில் உள்ள விகிதம் அடிப்படை விகிதமன்று. தள்ளுபடிக்குப் பிந்தைய விகிதம். ஒப்பந்தத்தில் 24 சதவீதம் என்று இருக்கும். முப்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் வட்டி கட்டினால் பாதி தள்ளுபடியாகி 12 சதவீதம் ஆகும். கட்டத் தவறினால் தள்ளுபடி போய்விடும். திட்டத்தைப் பொறுத்து, கடன் தொடங்கிய நாளிலிருந்தே உயர்ந்த விகிதம் கணக்கிடப்படுவதும் உண்டு. மாதாமாதம் கட்டுபவருக்கு இது நல்ல திட்டமாகவே இருக்கலாம். ஆனால் இதே திட்டத்தில் சேர்ந்துகொண்டு, 'முடிவில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம்' என்று இருப்பவர் தள்ளுபடிக்குரிய செயலை ஒருமுறையும் செய்வதில்லை. அவருக்கு உரியது உயர்ந்த விகிதம் மட்டுமே. பலகையிலுள்ள ஒரு வட்டி மெய். அவருக்கு விழும் இரண்டு வட்டியும் மெய்.

இரண்டு வட்டியானால் கணக்கு என்னவாகும்? மனக்கணக்கு, வட்டி இரட்டிப்பாகும் என்று சொல்லும்: 24,000-க்குப் பதில் 48,000. மாதந்தோறும் ஏறும் முறையில் 2,00,000-ஐ 1.02-ஆல் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2,53,648 வருகிறது. வட்டி 53,648. தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் முன்பு 1,365, இப்போது 5,648. வட்டி விகிதம் இரண்டு மடங்காக, வித்தியாசம் நான்கு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. காரணம், அந்த வித்தியாசம் முழுவதும் வட்டியின் மேல் விழும் வட்டி. விகிதம் அங்கே இருமுறை பெருக்கப்படுகிறது. குறைந்த வட்டியில் புறக்கணிக்கத்தக்கதாக இருக்கும் ஒரு நுணுக்கம், உயர்ந்த வட்டியில் ஒரு மாத உதவித்தொகையின் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். ஆகவே 'கூட்டுவட்டியா, தனிவட்டியா' என்ற கேள்வியைவிட, 'நான் எதுவும் கட்டாவிட்டால் பொருந்தும் விகிதம் எது?' என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

இந்த விகிதத்தை வெளிக்கொணர இப்போது ஒரு மறைமுகமான வழியும் கிடைத்திருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன்களுக்கு வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகளை வெளியிட்டது. அவற்றை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1 இறுதிக் கெடு. நுகர்வுத் தேவைக்கான கடன்களில், நகை மதிப்பில் எத்தனை சதவீதம்வரை கடன் தரலாம் என்பதற்கு மூன்று படிகள் அதில் உண்டு: இரண்டரை லட்சம் ரூபாய்வரை 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம்வரை 80, அதற்கும் மேல் 75. புல்லட் கடனுக்கு மட்டும் ஒரு தனி நிபந்தனை: இந்த விகிதத்தைக் கையில் தரும் தொகையை வைத்து அன்று, காலம் முடியும்போது திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை வைத்துக் கணக்கிட வேண்டும். நகையின் மதிப்பும் அன்றைய உச்ச விலையில் கணிக்கப்படுவதில்லை. அந்தத் தூய்மைக்கு உரிய முந்தைய முப்பது நாட்களின் சராசரி இறுதி விலை, முந்தைய நாளின் இறுதி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கொள்ளப்படும்.

சங்கிலியின் மதிப்பு 2,88,000. அதில் 85 சதவீதம் 2,44,800. மாதாமாதம் வட்டி கட்டும் கடனென்றால் இந்த உச்சவரம்புவரை கையில் பெறலாம். புல்லட் கடனில் 2,44,800 என்பது முடிவுத் தொகை. அதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 12 சதவீத வட்டி மாதந்தோறும் ஏறும் முறையில், 2,44,800-ஐ 1.126825-ஆல் வகுத்தால் 2,17,247 ரூபாய் கிடைக்கிறது. மாணவி கேட்கும் 2 லட்சம் இதற்குள் அடங்குகிறது. 24 சதவீதமானால் 1.268242-ஆல் வகுக்க வேண்டும், விடை 1,93,023. அவருக்குத் தேவையான 2 லட்சம் அந்த வட்டியில் இந்தச் சங்கிலிக்குக் கிடைக்காது.

ஒரே நகைக்கு 'புல்லட் முறையில் அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்?', 'மாத வட்டி முறையில் எவ்வளவு தருவீர்கள்?' என்று இரண்டு கேள்விகள் கேட்கலாம். இரண்டாவது விடையை முதலாவதால் வகுத்தால், நிறுவனம் தன் கணக்கில் வைத்திருக்கும் ஆண்டு வட்டி வெளிப்படும். விடை 1.13-ஐ ஒட்டி வந்தால் அது ஒரு வட்டிக் கடன், 1.27-ஐ ஒட்டி வந்தால், பலகையில் எது எழுதியிருந்தாலும், இரண்டு வட்டிக் கடன். இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. விதி உச்சவரம்பை மட்டுமே சொல்கிறது. நிறுவனம் தன் சொந்த முடிவால் அதற்குக் குறைவாகவும் தரலாம். இரண்டு முறைக்கும் வெவ்வேறு வரம்பு வைத்திருந்தால் வகுத்து வரும் எண் வட்டியை மட்டும் காட்டாது. ஆகவே இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், மேலும் விளக்கம் கேட்பதற்கான காரணமாகக் கொள்வதே சரி.

'புல்லட்' என்ற பெயர் இன்னொரு தவறான எண்ணத்தையும் உண்டாக்குகிறது: முடிவு நாள்வரை எதுவும் கட்டக் கூடாது, அல்லது கட்டிப் பயனில்லை என்பது. பன்னிரண்டு மாதம் என்பது நுகர்வுக்கான புல்லட் கடனுக்கு விதி வைத்த மேல் எல்லை. ஏழாம் மாத முடிவில் கடனை அடைத்தால் ஏழு மாத வட்டிதான். மாணவி கட்ட வேண்டியது 2,14,427. குறைந்தபட்சம் இத்தனை நாளுக்கு வட்டி உண்டு என்று சில திட்டங்கள் வைத்திருப்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு பகுதியைக் கட்டுவதன் பயன் இன்னும் தெளிவானது. ஆறாம் மாத முடிவில் உதவித்தொகை நிலுவையின் ஒரு பகுதி வந்து, மாணவி 50,000 ரூபாய் கட்டுகிறார் என்று கொள்வோம். அன்று கடன் 2,12,304. கட்டியபின் மீதி 1,62,304. அடுத்த ஆறு மாதத்தில் அது 1,72,289 ஆகிறது. இரண்டு முறையும் கட்டியதைக் கூட்டினால் 2,22,289. இடையில் எதுவும் கட்டாதிருந்தால் 2,25,365. மிச்சம் 3,076 ரூபாய். மாதந்தோறும் கூட்டுவட்டி ஏறும் கணக்கில், கட்டிய தொகையை முதலில் வட்டிக்கு வரவு வைக்கிறார்களா அசலுக்கா என்பது இந்த விடையை மாற்றாது. இரண்டுக்கும் ஒரே வட்டிதான். தனிவட்டித் திட்டத்தில் அது மாற்றும். அங்கே அசலுக்கு வரவு வைத்தால்தான் மேற்கொண்டு ஏறும் வட்டி குறையும். ஆகவே பணம் கட்டிய ரசீதில் அந்தத் தொகை எந்தத் தலைப்பில் வரவாகியிருக்கிறது என்பதைப் பார்ப்பது வீண்வேலையன்று.

இனி ஆண்டு முடிவு. நகைக்கடனில் குடும்பங்கள் நகையை இழப்பது பெரும்பாலும் முதல் ஆண்டின் கணக்கால் அன்று. முதல் ஆண்டு முடிந்த நாளில் செய்யும் ஏற்பாட்டால். 2,25,365 ரூபாய் கையில் இல்லாதவர் 'மாற்றி வைப்பது' வழக்கம். பழைய கடனை அடைத்ததாகவும் புதிய கடன் பெற்றதாகவும் ஒரே நாளில் எழுதப்படும். தங்கத்தின் விலை ஏறியிருந்தால் புதிய கடன் பழைய வட்டியையும் சேர்த்து விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். கையிலிருந்து ஒரு காசும் போகாது. ஒருவேளை சில ஆயிரம் கையில் வரவும் கூடும். கடன் பெற்றவருக்கு நிம்மதி. நிறுவனத்தின் ஏட்டில் கடன் ஒழுங்காக அடைக்கப்பட்டதாகப் பதிவு. ஆனால் முந்தைய ஆண்டின் வட்டி 25,365 இப்போது அசல் என்ற பெயரைப் பெற்றுவிட்டது.

இப்படி இரண்டு முறை மாற்றி வைத்து மூன்று ஆண்டுகள் கடந்தால் 2,00,000-ஐ 1.01-ஆல் முப்பத்தாறு முறை பெருக்க வேண்டும். விடை 2,86,154. சங்கிலியின் தொடக்க மதிப்பு 2,88,000. தங்கத்தின் விலை அசையாமல் நின்றால், ஒரு வட்டிக் கடனே மூன்றாண்டில் நான்கு பவுனையும் ஏறத்தாழ முழுமையாகத் தின்றுவிடுகிறது. முப்பத்தேழாம் மாதத்தில் கடன் நகையைத் தாண்டிவிடுகிறது. விலை ஏறிக்கொண்டே இருந்த ஆண்டுகளில் இது கண்ணுக்குத் தெரியாமல் போனது. கடன் வளர்ந்தது, நகையின் மதிப்பு அதைவிட விரைவாக வளர்ந்தது. விலை தேங்கும் ஓர் ஆண்டில்தான் இந்தக் கணக்கு தன் உருவத்தைக் காட்டும்.

2025-ஆம் ஆண்டு விதிகள் இந்தப் பழக்கத்தின் மீது நேரடியாகவே கைவைத்திருக்கின்றன. புல்லட் கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால், திரண்ட வட்டியைக் கட்டிய பின்னரே புதுப்பிக்கலாம். மாணவியின் கணக்கில், ஆண்டு முடிவில் கடனை நீட்டிக்க விரும்பினாலும் 25,365 ரூபாய் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். அசல் 2,00,000 மட்டுமே அடுத்த ஆண்டுக்குச் செல்லும். அன்றைய நகை மதிப்பிலும் கடன் வரம்புக்குள் இருக்க வேண்டும். கடன் வளர்வதை இந்த விதி தடுக்கிறது. அதே நேரத்தில், கையில் ஒன்றுமில்லாமல் போய் மாற்றி வைத்துவிட்டு வரலாம் என்ற பழைய நம்பிக்கையோடு செல்பவரை அது வெறுங்கையோடு திருப்பியும் அனுப்பும். வட்டிக்கான ரொக்கத்தை வேறிடத்தில் கைமாற்றாக வாங்கிக் கட்டினால், கூட்டுவட்டி அடகுச் சீட்டிலிருந்து வெளியேறி வேறொருவரின் கணக்குப் புத்தகத்தில் குடியேறும், அழிந்துவிடாது. ஆகவே புல்லட் கடன் பெறுபவர் கடன் பெறும் நாளிலேயே இரண்டு தொகைகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: நகையைத் திருப்பத் தேவையான தொகை, நகையைத் திருப்ப முடியாவிட்டால் புதுப்பிக்கவேனும் தேவையான தொகை. மாணவிக்கு அவை 2,25,365, 25,365.

விலை இறங்கினால் என்னவாகும் என்பதையும் அதே தாளில் ஒரு வரியில் கணக்கிட்டுவிடலாம். கடன் வரம்பு கடன் காலம் முழுவதும் காக்கப்பட வேண்டும். முடிவுத் தொகை 2,25,365 என்பது நகை மதிப்பில் 85 சதவீதத்துக்குள் இருக்க, நகையின் மதிப்பு 2,65,135-க்குக் குறையக் கூடாது. அதாவது கிராமுக்கு ஏறத்தாழ 8,286 ரூபாய். தொடக்க விலையிலிருந்து எட்டு சதவீத இறக்கத்தைக் கடன் தாங்கும். மாணவி அதிகபட்சமான 2,17,247-ஐயும் வாங்கியிருந்தால் முடிவு நாளில் இந்த இடைவெளி சுழியாக இருந்திருக்கும். விலை சற்றே இறங்கினாலும் பணம் கட்டச் சொல்லியோ கூடுதல் நகை கேட்டோ அழைப்பு வரக்கூடும். தேவைக்கு மேல் கிடைக்கும் 17,247 ரூபாயை வாங்காமல் விட்டதன் பயன் இதுதான்.

கடைசியாக, கெடு தவறிய பிறகு. தாமதத்துக்கான அபராதத்தைக் கூடுதல் வட்டியாக விதிக்கக் கூடாது, தனிக் கட்டணமாகவே விதிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்பது 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதி. ஆனால் கடனின் வழக்கமான வட்டி கெடுவோடு நின்றுவிடுவதில்லை. பதின்மூன்றாம் மாதம் 2,25,365-இன் மேல் 2,254 ரூபாய் ஏறும். ஏலம்வரை சென்றால், அடிப்படை விலை நகையின் அப்போதைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இருமுறை ஏலம் போகாவிட்டால் மட்டுமே 85-ஆகக் குறைக்கலாம். கடன் போக மிஞ்சும் தொகையை ஏழு வேலை நாட்களுக்குள் உரியவரிடம் தர வேண்டும். அந்த மிச்சத்தைக் கேட்டுப் பெறுவதற்கும் முடிவுத் தொகையின் சரியான கணக்கு கையில் இருந்தாக வேண்டும். கடன் எவ்வளவு என்று தெரியாதவருக்கு மிச்சம் எவ்வளவு என்பதும் தெரியாது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, மாணவிக்குப் புல்லட் கடன் தவறான தேர்வன்று. மாதம் 2,000 ரூபாய் உறுதியாகக் கட்ட முடியாத ஓர் ஆண்டில், 1,365 ரூபாய் கூடுதல் செலவில் அவர் பன்னிரண்டு மாத அமைதியைப் பெறுகிறார். தள்ளுபடியை நம்பியிருக்கும் திட்டத்தைத் தவிர்ப்பதும், வரம்புவரை வாங்காமல் இருப்பதும், நிலுவை வரவரக் கட்டுவதும் அவர் கையில் உள்ளவை. உதவித்தொகை எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. அடகுச் சீட்டின் பின்புறத்தில் அவர் எழுதி வைக்க வேண்டியவை மூன்றே: முடிவு நாள், 2,25,365, 25,365. சங்கிலியைத் தந்த தாயாருக்கும் அந்த மூன்றும் தெரிந்திருப்பது நல்லது, நகை அவருடையது.